பக்கத்து இருக்கையில் ஓயாத புலம்பல்: 14 மாதம் காது கொடுத்தபின் தெரிந்தவை

முதலில் நாற்காலிச் சக்கரம் உருளும் சத்தம் கேட்கும். மேசையை விட்டு ஒரு சாண் பின்னால் நகர்வார். பிறகு நீளமாக ஒரு பெருமூச்சு. அது முடிந்து இரண்டு நொடியில் தலை என் பக்கம் திரும்பும். "பாத்தீங்களா, இன்னைக்கும் ஃபைல் வரல." கடைசி மாதங்களில் அந்தப் பேச்சு வரைகூடப் போகத் தேவையிருக்கவில்லை. சக்கரச் சத்தம் கேட்டதுமே என் விரல்கள் தட்டச்சுப் பலகையில் நின்றுவிடும், தோள்பட்டை இறுகிவிடும். ஒரு மனிதரின் நாற்காலிச் சத்தத்துக்கு உடம்பு இப்படிப் பழகிப்போகிறது என்றால், பிரச்சினை முற்றிவிட்டது என்று அர்த்தம். எனக்கு அது புரியவே ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. யாராவது முன்பே சொல்லியிருந்தால் அந்த வருடம் மிஞ்சியிருக்கும். அதனால்தான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நான்கு மேசைகள் ஒட்டிப் போட்ட ஒரு பகுதி எங்களுடையது. வேலை, வருகிற பில்களைச் சரிபார்த்து மாதக் கணக்கில் சேர்ப்பது. என் வலது பக்கம் அவர், எதிரில் இன்னும் இருவர். அவர் வேலை தெரியாதவர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எந்த இடத்தில் கணக்கு இடிக்கும் என்று எங்கள் நால்வரில் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆரம்பத்தில் அவர் சொன்ன குறைகளில் பெரும்பாலானவை உண்மையாகவே இருந்தன. அதனால் முதல் இரண்டு மூன்று மாதம் எனக்கு அது தொந்தரவாகவே தெரியவில்லை. புதிதாக வந்தவனிடம் மனம்விட்டுப் பேசுகிறாரே என்று சந்தோஷம்தான். நானும் என் பங்குக்கு நாலு குறை சொன்னேன். நெருக்கம் கூடியது.

இந்த நெருக்கம்தான் முதல் பொறி. 2002-ல் அமாண்டா ரோஸ் என்ற உளவியல் ஆய்வாளர் இளவயதினரின் நட்பை ஆராய்ந்தபோது ஒன்றைக் கவனித்தார். ஒரே பிரச்சினையைத் திரும்பத் திரும்பப் பேசிக் கிளறிக்கொண்டே இருக்கும் நண்பர்களுக்கு நட்பு இறுகுகிறது, கூடவே மனச்சோர்வும் பதற்றமும் அதிகமாகக் காணப்படுகின்றன. அலுவலகத்தில் வளர்ந்தவர்கள் நடுவிலும் அதே வாசனை அடிப்பதை நான் பார்த்தேன். புலம்பலைக் கேட்பதால் கெட்டது மட்டும் நடந்தால் யாரும் இரண்டாம் நாளே விலகிவிடுவார்கள். அது ஒரு கையால் நட்பைத் தந்துகொண்டே மறுகையால் உற்சாகத்தை உருவுகிறது. அதனால் விலகவும் மனம் வராது, எதனால் களைப்பாக இருக்கிறது என்றும் பிடிபடாது.

பிடிபடாமல் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதே 2002-ல் சிகால் பார்சேட் என்பவர் வெளியிட்ட ஆய்வில், சிறு குழுக்களுக்கு ஒரு வேலையைக் கொடுத்து, ஒவ்வொரு குழுவிலும் பயிற்சி பெற்ற ஒரு நடிகரை மற்றவர்களுக்குத் தெரியாமல் சேர்த்துவிட்டார்கள். அந்த ஒருவர் காட்டிய மனநிலை, நல்லதோ கெட்டதோ, குழு முழுக்கப் பரவியது. எங்கள் மேசைகளில் எட்டாவது மாதம் வாக்கில் நடந்தது அதுதான். எதிரில் இருந்த இருவரும் அவரோடு நேராகப் பேசுவது குறைவு. ஆனாலும் மீட்டிங்கில் புதிதாக எதையாவது சொன்னால் நால்வர் முகத்திலும் ஒரே மாதிரி உதட்டுச் சுளிப்பு. எங்கள் வேலை கெட்டுவிட்டது என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஒருவர் மனநிலையை நால்வரும் சுமக்கிறோம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. அவர் விடுப்பில் இருக்கும் நாளில் அதே வேலை, அதே ஃபைல், அதே தாமதம் எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். எங்களுக்கு அவர் நான்கு நாள் வராத வாரத்தில்தான் வித்தியாசம் உறைத்தது. வேலை அதேதான், மாலையில் தலை கனக்கவில்லை.

அடுத்த கட்டம் நான் செய்த பெரிய தவறு. அறிவுரை சொல்ல ஆரம்பித்தேன். குறை சொல்கிறவருக்குத் தீர்வு கொடுத்தால் குறை நின்றுவிடும் என்பது நியாயமான நினைப்புத்தானே. நடந்தது இப்படி:

"ஃபைல் லேட்டா வருதுன்னா அந்த செக்‌ஷன்ல ஒரு தடவை பேசிப் பாக்கலாமே?"

"பேசலாம், ஆனா அவங்க கேக்க மாட்டாங்க."

"அப்ப மேனேஜர்கிட்ட சொல்லலாமா?"

"சொல்லலாம், ஆனா அவர் அவங்க பக்கம்தான் நிப்பாரு."

"நாம ஒரு மெயிலாவது போடுவோம்."

"போட்டா மட்டும்? நாளைக்கு நம்ம மேலயே திருப்பிவிடுவாங்க."

எரிக் பெர்ன் என்ற மனநல மருத்துவர் 1960-களிலேயே இந்தப் பேச்சு முறையை எழுதிவைத்திருக்கிறார். ஒருவர் 'இப்படிச் செய்யலாமே' என்பார், மற்றவர் 'சரிதான், ஆனால்' என்பார். வருகிற யோசனைகளை எல்லாம் தட்டிக் கழித்து, கடைசியில் எதிராளி வாயடைத்துப் போவதில்தான் அந்தப் பேச்சு முடியும். அவர் கேட்பது தீர்வை இல்லை. தன் நிலைமைக்குத் தீர்வே கிடையாது என்பதற்கு இன்னொரு சாட்சி தேவைப்படுகிறது. நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு யோசனையும் அவர் நிராகரிக்க இன்னொரு வாய்ப்பு, பேச்சை இன்னும் இரண்டு நிமிடம் நீட்ட இன்னொரு காரணம். வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவருக்கு நான் தினமும் அவல் கொடுத்துக்கொண்டிருந்தேன். இதைக் கண்டுபிடிக்க ஓர் அடையாளம் இருக்கிறது. நீங்கள் தொடர்ந்து இரண்டு யோசனை சொல்லி, இரண்டுக்கும் 'ஆனா' என்று பதில் வந்தால், மூன்றாவதைச் சொல்லாதீர்கள்.

அறிவுரை வேலைக்கு ஆகவில்லை என்றதும் தலையாட்டலுக்கு மாறினேன். 'ஆமாங்க', 'கஷ்டம்தான்', 'என்ன செய்யறது'. இதில் சண்டை இல்லை, சீக்கிரம் முடியும் என்று நினைத்தேன். இதற்குக் கொடுத்த விலைதான் எல்லாவற்றையும்விட வலித்தது. ஒரு நாள் மேனேஜர் தனியாகக் கூப்பிட்டு, "புது முறை உங்களுக்கும் பிடிக்கலைன்னு கேள்விப்பட்டேன். நேரா என்கிட்டயே சொல்லியிருக்கலாமே" என்றார். நான் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பக்கத்து இருக்கைக்காரர் பேசும்போது 'ம்ம், ஆமாங்க' என்றிருக்கிறேன். அது வேறு இடத்தில் "நான் மட்டும் இல்ல, பக்கத்துல இருக்கிறவரும் அதான் சொல்றாரு" என்று போயிருக்கிறது. அவர் வேண்டுமென்று என்னை மாட்டிவிட்டார் என்று இன்றும் நான் நினைக்கவில்லை. தலையாட்டினால் அவர் காதில் அது சம்மதமாகத்தான் விழும், யார் காதிலும் அப்படித்தான் விழும். ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. அந்த வார்த்தையை நான் சொல்லவில்லை என்று நிரூபிக்க வழியே இல்லை.

அதன் பிறகு ஹெட்போன் போட்டுப் பார்த்தேன். ஒரு வாரம்தான். அவர் மேசையைத் தட்டிக் கூப்பிட ஆரம்பித்தார். ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கேட்பதால் முன்பைவிட முழுக் கவனத்தோடு கேட்கும்படி ஆனது. 'எல்லாம் சரியாயிடுங்க, நல்லதையே நினைப்போம்' என்றும் சொல்லிப் பார்த்தேன். தன் கஷ்டத்தை நான் நம்பவில்லை என்று எடுத்துக்கொண்டு, அதை நிரூபிக்க இன்னும் மூன்று உதாரணம் சொன்னார். எல்லாவற்றிலும் மோசம், இடைவேளையில் எதிர் மேசைக்காரர்களோடு சேர்ந்து அவரைப் பற்றியே பேச ஆரம்பித்தது. 10 நிமிட இடைவேளை முழுக்க 'இன்னைக்கு எத்தனை தடவை' என்பதே பேச்சு. அவர் இல்லாத இடத்திலும் அவருடைய புலம்பல் எங்கள் வாய்வழியாக ஓடிக்கொண்டிருந்தது. இதை நிறுத்தாமல் மற்ற எதுவும் பலிக்காது என்று உறுதியாகச் சொல்வேன். மூன்று பேர் சேர்ந்து ஒருவரைப் பேசினால் அது அவர் காதுக்குப் போகும். போனபின் நீங்கள் என்ன நல்லெண்ணத்தோடு பேசினாலும் அது கூட்டுச் சதியாகத்தான் தெரியும்.

13-வது மாதம் முடியும்போது ஒரு சரிபார்ப்பில் ஒரே பில்லை இருமுறை சேர்த்துவிட்டேன். பேச்சுக்கு நடுவில், விட்ட இடம் தெரியாமல் ஒரு வரி முன்னால் இருந்து தொடங்கியிருக்கிறேன். அந்த மாதக் கணக்கை முழுக்கத் திரும்பப் பார்க்க ஒரு விடுமுறை நாள் போனது. அன்றுதான், உணர்ச்சியை ஒதுக்கிவைத்துவிட்டு எண்ணிப் பார்க்கலாம் என்று முடிவெடுத்தேன்.

10 வேலை நாள் குறித்தேன். ஒரு சின்ன நோட்டில் ஒவ்வொரு முறையும் நான்கே விஷயம்: எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எத்தனை நிமிடம், எதைப் பற்றி, நான் என்ன பதில் கொடுத்தேன். அவர் பேசிய வார்த்தைகளைக் குறிக்கவில்லை, நீங்களும் குறிக்காதீர்கள். வார்த்தைகளை எழுதினால் அது உளவு பார்த்ததாகும். யார் கையில் சிக்கினாலும் உங்களுக்குத்தான் கேடு. பெயரும் எழுத வேண்டாம். உங்கள் நேரம் எங்கே போகிறது என்ற கணக்கு மட்டும் போதும். அலுவலகக் கணினியில் வைக்காமல் கையெழுத்தாக வைத்திருப்பது நல்லது. 5 நாள் போதாது, ஏனென்றால் ஒரு மோசமான வாரமோ நல்ல வாரமோ கணக்கைச் சாய்த்துவிடும்.

10 நாளில் 47 முறை. மொத்தம் 282 நிமிடம், அதாவது முறைக்கு 6 நிமிடம், நாளுக்குக் கிட்டத்தட்ட அரை மணி. 14 மாதத்துக்குப் பெருக்கிப் பார்த்தால் சுமார் 16 முழு வேலை நாட்கள். இதில் விட்ட வேலையைத் திரும்பப் பிடிக்கிற நேரம் சேரவில்லை. ஆனால் இந்த மொத்தத்தைவிட என்னை உலுக்கியது அந்த நான்காவது கட்டம். நான் திரும்பி முகம் பார்த்து அனுதாபமோ அறிவுரையோ சொன்ன 31 முறையும் பேச்சு சராசரி 8 நிமிடம் நீண்டிருந்தது. வேலை நெருக்கடியில் திரையைப் பார்த்தபடி 'ம்' என்று மட்டும் சொன்ன 16 முறை சராசரி 2 நிமிடத்தில் முடிந்திருந்தது. புலம்பலை ஆரம்பிப்பவர் அவர். அது 2 நிமிடமா 8 நிமிடமா என்பதைத் தீர்மானித்தது நான். வருத்தமாகவும் இருந்தது, பெரிய ஆறுதலாகவும் இருந்தது. அவரை மாற்ற வேண்டியதில்லை என்று தெரிந்ததே.

விஷயவாரியாகப் பிரித்தபோது இன்னொன்று தெரிந்தது. 29 முறை எங்கள் மேசையில் யாராலும் மாற்ற முடியாதவை: எப்போதோ கிடைக்காமல் போன பதவி உயர்வு, மேலிடத்து முடிவுகள், இப்படி. 7 முறை அங்கே இல்லாத யாரையாவது பற்றி. மீதி 11 முறையும் ஒரே விஷயம், இன்னொரு பிரிவிலிருந்து நண்பகலில் வரவேண்டிய ஃபைல் மாலை 4 மணிக்கு வருவது. 47 தலைவலி என்று நினைத்திருந்ததில் 11 ஒரே தலைவலி, அதுவும் நிஜமான தலைவலி. நேரத்திலும் ஒரு ஒழுங்கு இருந்தது. காலையில் வந்த முதல் 20 நிமிடம், வாராந்திர மீட்டிங் முடிந்து வந்ததும், மாலை அந்த ஃபைல் வரும் நேரம். இந்த மூன்று நேரத்தில்தான் பாதிக்கு மேல்.

இதை வைத்து என் பதிலை மாற்றினேன். முதல் பங்கு, ஒரே ஒரு வரி ஒப்புதல். அது உணர்வை ஒப்புக்கொள்ள வேண்டும், கருத்தை ஒப்புக்கொள்ளக் கூடாது. 'ஆமா, அவங்க எப்பவும் இப்படித்தான்' என்பது கருத்து, நாளைக்கு உங்கள் பெயரில் வெளியே போகும். 'உங்களுக்கு வேலை தள்ளிப் போகுது, எரிச்சலாத்தான் இருக்கும்' என்பது அவர் நிலைமை பற்றியது, எங்கே போனாலும் கெடுதல் இல்லை. ஒப்புதலே இல்லாமல் வெட்டினால் காதில் விழவில்லை என்று நினைத்து இன்னும் சத்தமாகச் சொல்வார். இரண்டாவது, ஒரு கேள்வி: 'என்ன பண்ணலாம்னு இருக்கீங்க?' நான் யோசனை சொன்னால் அவர் தட்டிவிடலாம். கேள்வியைத் தட்டிவிட முடியாது. ஒன்று ஏதாவது சொல்வார், அல்லது 'என்ன பண்ண முடியும்' என்று பேச்சை அவரே முடிப்பார். மூன்றாவது, வேலைக்குத் திரும்புதல், அதுவும் எந்த வேலை என்று சொல்லி. 'சரிங்க, நான் இந்த 40 பில்லை முடிச்சிடறேன்.' 'கொஞ்சம் வேலை இருக்கு' என்று பொதுவாகச் சொன்னால் அது சாக்கு மாதிரி ஒலிக்கும். எண்ணிக்கை சொன்னால் சாக்காகத் தெரியாது. சொல்லி முடித்ததும் உடனே கண் திரைக்கும் விரல் தட்டச்சுப் பலகைக்கும் போக வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்து ஒரு நிமிடம்கூட ஆகாது.

உடம்பும் பேசுகிறது என்பதால் அதையும் மாற்றினேன். முன்பு நாற்காலியோடு முழுதாகத் திரும்புவேன். இப்போது கழுத்தை மட்டும் திருப்பினேன், கை தட்டச்சுப் பலகையிலேயே இருந்தது. திரையை அவர் பக்கத்திலிருந்து கொஞ்சம் இடதாகத் தள்ளிவைத்தேன். அதனால் வேலை செய்யும்போது என் தோள்தான் அவருக்குத் தெரியும், முகம் தெரியாது. பெருமூச்சு விட்டதும் கண் சந்திப்பதுதான் அவருக்கு அழைப்பு மணி. அந்தச் சந்திப்பு இல்லாவிட்டால் பாதி பேச்சு பெருமூச்சோடு நின்றுவிடுகிறது.

இதில் பலர் தோற்கும் இடம் முதல் இரண்டு வாரம். எண்ணிக்கை குறையாது, கூடும். வழக்கமாகக் கிடைத்தது கிடைக்கவில்லை என்றால் யாரும் முதலில் இன்னும் பலமாகத் தட்டித்தான் பார்ப்பார்கள். அவர் ஒரு நாளில் எட்டு முறை வரை வந்தார், 'நீங்களும் மாறிட்டீங்க' என்று ஒரு தடவை நேராகவே சொன்னார். எனக்கு மனசு கேட்கவில்லை, அன்று 15 நிமிடம் பழையபடி உட்கார்ந்து கேட்டேன். அதுதான் தவறு. பி. எஃப். ஸ்கின்னர் போன்ற நடத்தை ஆய்வாளர்கள் காட்டியது இதைத்தான்: எப்போதாவது ஒரு முறை மட்டும் பலன் கிடைக்கிற பழக்கம், ஒவ்வொரு முறையும் பலன் கிடைக்கிற பழக்கத்தைவிட அழிய நேரம் பிடிக்கும். ஏழு முறை மறுத்து எட்டாவது முறை இடம் கொடுத்தால், எட்டு முறை முயன்றால் கிடைக்கும் என்று நீங்களே கற்றுக்கொடுக்கிறீர்கள். அந்த ஒரு நாளால் எனக்கு இன்னும் ஒரு வாரம் பின்னடைவு. இதற்கு மாற்றாக நான் பிறகு செய்தது, குறை சொல்லாத நேரத்தில் நானாகப் போய்ப் பேசியது. ஏதாவது கணக்கு இடித்தால் 'இதைக் கொஞ்சம் பாருங்களேன், உங்களுக்குத்தான் தெரியும்' என்று கேட்பேன். அவர் முகம் மாறுவதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் பொறுமையாக விளக்குவார், அதில் ஒரு புலம்பலும் இருக்காது. கவனத்தை நிறுத்தவில்லை, வேறு கதவு வழியாகக் கொடுத்தேன். இது இல்லாமல் வெறுமனே பேச்சைச் சுருக்கியிருந்தால் அது ஒதுக்கிவைத்தலாக முடிந்திருக்கும். அதை அவருக்குச் செய்ய எனக்கு மனமில்லை.

மூன்றாவது வாரம் நேரில் பேசினேன். முதல் முயற்சி படுதோல்வி. மீட்டிங் முடிந்து சூடாக இருந்த நேரத்தில், மற்றவர்கள் முன்னால், 'நீங்க எப்பவும் குறையே சொல்றீங்க' என்று வாய்விட்டுவிட்டேன். 'எப்பவும்' என்ற ஒரு வார்த்தைக்கே பதில் சொல்லிக்கொண்டிருந்தார், விஷயத்துக்கு வரவே இல்லை. இரண்டு நாள் கழித்து, அமைதியான ஒரு நாளில், தனியாக நடந்துகொண்டே பேசினேன். எதிரெதிரே உட்கார்ந்தால் விசாரணை மாதிரி இருக்கும், பக்கத்தில் நடந்தால் இருக்காது. முன்பே எழுதிப் பார்த்து வைத்திருந்தது இவ்வளவுதான்: "ஒண்ணு சொல்லணும்ங்க. பில் பாக்கும்போது நடுவுல பேச்சு வந்தா எனக்கு விட்ட இடம் தெரியாமப் போயிடுது. போன மாசம் ஒரே பில்லை ரெண்டு தடவை சேத்துட்டேன். மதியம் வரைக்கும் என்னை வேலைய முடிக்க விடுங்க, இடைவேளையில பேசுவோம்." அவர் குணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் பிழை, ஒரு நேரம், ஒரு வேண்டுகோள். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தார். பிறகு, "நான் அவ்வளவு பேசறேனா?" என்றார். நோட்டில் இருந்த 47-ஐ நான் சொல்லவில்லை. அந்த எண் எனக்காக எழுதியது, அவர்மேல் வீச இல்லை. "எனக்குக் கவனம் சீக்கிரம் சிதறுதுங்க" என்றேன், அதுவும் உண்மைதான்.

அந்த 11 முறைக்கு மட்டும் வேறு வழி. அது புலம்பல் இல்லை, பழுது. இதையும் புலம்பல் கணக்கிலேயே தள்ளிவிடுவது நாம் செய்யும் அநியாயம். எப்போதும் குறை சொல்கிறவர் நிஜமான பழுதைச் சொன்னாலும் யாரும் கேட்பதில்லை, அதனால் இன்னும் அதிகமாகச் சொல்கிறார். என்ன பண்ணலாம் என்று கேட்டபோது ஒரு நாள் அவரே சொன்னார், ஃபைல் முழுதாக வேண்டியதே இல்லை, பில் எண்ணும் தொகையும் மட்டும் வந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம் என்று. அந்தப் பிரிவில் நண்பகலுக்கே பதிவு முடிந்துவிடுகிறது, இரண்டாம் சரிபார்ப்பு முடியட்டும் என்றுதான் 4 மணி வரை வைத்திருக்கிறார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. "இதையே மூணு வரியா எழுதிப் போட்டுடுங்களேன்" என்றேன். நானே எழுதிக் கொடுக்கக் கை துடித்தது, எழுதவில்லை. நான் எழுதினால் அது என் யோசனை, பலிக்காவிட்டால் 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்று ஆகிவிடும். ஒன்பது நாள் இழுத்தார். பிறகு போட்டார். இரண்டாம் நாள் 12:30-க்கு, 'முதல் வரைவு' என்று தலைப்பிட்ட ஃபைல் வந்தது.

மேனேஜரிடம் நான் கடைசியாகத்தான் போனேன், அதுவும் அவரைப் பற்றிப் புகார் சொல்ல இல்லை. 'அவர் எப்பவும் புலம்பறார்' என்று போனால் மேனேஜர் காதில் அது இன்னொரு புலம்பல்தான். கொண்டுபோக வேண்டியது வேலையில் விழுந்த பள்ளம்: சரிபார்ப்பில் வந்த பிழை, திரும்பச் செய்ய ஆன நேரம், காலையில் இரண்டு மணி நேரம் தடையில்லாமல் கிடைத்தால் என்ன முடியும் என்ற கணக்கு. கேட்டதும் ஒன்றே ஒன்று: 9:30 முதல் 11:30 வரை நால்வருக்கும் பேச்சில்லாத வேலை நேரம். எனக்கு மட்டும் என்று கேட்டிருந்தால் அது அவர்மேல் சுட்டுவிரல். நால்வருக்கும் என்றதும் அது வேலை முறை. கூடவே, என் பெயரில் வந்த அந்தப் பழைய பேச்சையும் தெளிவுபடுத்தினேன்: "எனக்கு ஏதாவது குறை இருந்தா நான் நேரா உங்ககிட்ட வருவேன். வேற வழியா வந்தா என்னைக் கேட்டுக்குங்க." யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை.

இந்த முறைக்கு எல்லை உண்டு, அதைச் சொல்லாவிட்டால் கெடுதல். ஒருவர் சொல்வது தொல்லை, மிரட்டல், பாகுபாடு, கொடுக்க வேண்டிய ஊதியம் கொடுக்காதது மாதிரி விஷயம் என்றால் 'என்ன பண்ணலாம்னு இருக்கீங்க' என்று கேட்டுத் திரைக்குத் திரும்பக் கூடாது. முழுதாகக் கேட்டு, முறைப்படி புகார் கொடுக்கும் வழியைக் காட்ட வேண்டும். அதேபோல், குறைகளின் நிறம் மாறுவதையும் கவனிக்க வேண்டும். வழக்கமாக வெளியே உள்ளவர்களைக் குறை சொல்கிறவர் 'நான் இருந்து என்ன பிரயோஜனம்' என்று தன் பக்கம் திரும்பினால், தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்று வாரக்கணக்கில் சொன்னால், செய்துகொண்டிருந்த வேலையிலேயே ஆர்வம் விட்டுப்போனால், அது புலம்பல் பழக்கம் இல்லை. அப்போது நோட்டும் நிமிடக் கணக்கும் தேவையில்லை. தனியாக உட்கார்ந்து நேராகக் கேட்டு, மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ போக உதவ வேண்டும். இரண்டு மாதம் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் உங்கள் தூக்கமும் வேலையும் கெட்டுக்கொண்டே இருந்தால் இருக்கை மாற்றம் கேளுங்கள். இரண்டு மேசை தள்ளிப் போனால்கூட அந்தப் பெருமூச்சு காதில் விழாது. அது தோல்வியும் இல்லை, துரோகமும் இல்லை.

மூன்றாம் மாதம் மறுபடி 10 நாள் குறித்தேன். 19 முறை, மொத்தம் 38 நிமிடம். அந்த ஃபைல் பற்றி ஒரு முறைகூட இல்லை. பதவி உயர்வு பற்றி நான்கு முறை வந்தது. அது இன்னும் பல வருடம் வரும் என்று நினைக்கிறேன், அந்த வலி அவருக்கு நிஜம். நாற்காலிச் சக்கரம் உருண்டால் என் தோள் இன்னும் ஒரு கணம் இறுகத்தான் செய்கிறது. போன வாரம் அப்படி உருண்டபோது திரும்பாமலே காத்திருந்தேன். பெருமூச்சு வரவில்லை. "அந்த மூணாவது பில்லுல தொகை இடிக்குது, பாத்தீங்களா?" என்றார்.